மாப்பிள்ளைத் தலைப்பாகையும் கிரிக்கெட் தொப்பியும்: படத் திருத்தம் குறித்த கேள்வி பதில்

மல்லாவியிலிருந்து ஒரு மகள்: ஐயா, இடம்பெயர்ந்து இருந்தபோதுதான் அம்மாவும் அப்பாவும் திருமணம் செய்தார்கள். படம் எதுவும் இல்லை. அப்பா இப்போது உயிருடன் இல்லை. அவருடைய பழைய ஸ்ரூடியோப் படத்துக்குத் தலைப்பாகை வைத்துத் தரும்படி ஒரு கடையில் கேட்டோம். செய்து தந்ததைப் பார்த்துவிட்டு, “இது உன் அப்பா இல்லை” என்கிறார் அம்மா. என்ன பிழை?

இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன், மகள். முகத்தில் அவர்கள் கை வைக்கவில்லை. ஆனால் காதின் மேல் விளிம்பை வெட்டிவிட்டார்கள். கிருதாவைத் துணியின் ஓரத்தோடு கத்தரித்ததுபோல் நிறுத்திவிட்டார்கள். ஒருவரை நமக்கு அடையாளம் காட்டுவதில் இந்தப் பகுதிக்கும் பங்கு உண்டு. அம்மா பார்த்தது சரி.

இப்படிச் செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கும் தலைப்பாகைப் படம் வேண்டாம். உங்கள் மாமாவோ தம்பியோ ஒருவரின் தலையில் உண்மையான தலைப்பாகையை வைத்துப் படம் எடுங்கள். அப்பாவின் படத்தில் மூக்கின் நிழல் அவருடைய வலது கன்னத்தில் விழுகிறது. ஆகவே வெளிச்சம் அவருடைய இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும்; தம்பியை யன்னலுக்கு அப்படி நிறுத்துங்கள். கமரா கண் உயரத்தில், இரண்டு மீற்றர் தள்ளி இருக்கட்டும். கிட்ட நின்று கைபேசியில் எடுத்தால் தலைப்பாகையின் முன்பக்கம் புடைத்துவிடும். பிறகு எந்தத் தலையிலும் அது உட்காராது.

அப்பாவின் படத்தை 600 dpi-இல் ஸ்கான் செய்து, Photoshop-இல் தலைப்பாகையைத் தனி அடுக்காக மேலே வையுங்கள். அளவைக் காதுக்குக் காது உள்ள அகலத்தைக் கொண்டு பொருத்துங்கள். நெற்றியை வைத்து அளந்தால் பெரும்பாலும் சிறிதாகிவிடும். துணியின் கீழ் ஓரம் புருவத்துக்கும் முடி தொடங்கும் இடத்துக்கும் நடுவில் நிற்கட்டும். அப்பாவின் முடி பக்கவாட்டில் தலைப்பாகைக்கு வெளியே தெரிகிறது. துணி அழுத்தினால் முடி அமர்ந்துவிடும் அல்லவா? அதனால் அந்த முடியை Liquify-இல் மண்டையை நோக்கி மெல்லத் தள்ளுங்கள். பின்னணி வெறும் சாம்பல் நிறம் என்பதால் அது கோணாது. கிருதாவைத் தொடவே வேண்டாம். Layer Mask-இல் மிகச் சிறிய தூரிகையால், துணியின் ஓரத்துக்குக் கீழே நாலைந்து முடி இழைகள் வெளிவருவதுபோல் திறந்துவிட்டால் போதும்.

அடுத்தது நிழல். Multiply அடுக்குகள் இரண்டு போடுங்கள். ஒன்று துணியின் ஓரத்தை ஒட்டி மூன்று நான்கு பிக்சல் அகலத்தில், அழுத்தமாக. மற்றது அதற்குக் கீழே முப்பது பிக்சல் அளவுக்கு Gaussian Blur கொடுத்து, நாலில் ஒரு பங்கு அடர்த்தியில். நிறத்தை அப்பாவின் தாடைக்குக் கீழே உள்ள நிழலில் இருந்து எடுங்கள். தூய கறுப்பைத் தொடாதீர்கள். தோலின் மேல் கறுப்பு, கரி பூசியதுபோல் நிற்கும். இந்த நிழல் காதின் மேல் மடலிலும் விழ வேண்டும். பலரும் நெற்றியோடு நிறுத்திவிடுகிறார்கள், காது தனியே ஒட்டியதுபோல் தெரிகிறது. கடைசியாக, பழைய படத்தில் பொடிப் புள்ளிகளாகத் தெரியும் பொரிக்கு ஏற்றபடி தலைப்பாகைக்கும் Add Noise கொடுங்கள்.

கிளிநொச்சி: தலைப்பாகை வாடகைக்கு எங்கே எடுக்கலாம்? என்ன விலை வரும்?

திருமண அலங்காரம் செய்பவர்களிடம் கேளுங்கள். நான் படத்தில் மட்டும் வைப்பவன்.

வவுனியா, ஸ்ரூடியோ வைத்திருப்பவர்: ஐயா, காதை ஏன் வெளியே விடச் சொல்கிறீர்கள்? தலைப்பாகை என்றால் காதின் மேல் பாதியை மூடத்தான் வேண்டும். எத்தனை மாப்பிள்ளைகளை நான் எடுத்திருக்கிறேன்!

பாதி சரி, தம்பி. துணியைத் தலையிலேயே சுற்றிக் கட்டினால் காதின் நுனி உள்ளே போகும். அல்லது மடல் வெளிப்பக்கம் தள்ளப்பட்டுச் சற்று விரியும். இங்கே இப்போது அதிகம் பாவிப்பது முன்கூட்டியே கட்டி வைத்த விறைப்பான தலைப்பாகை. அது தொப்பிபோல் மேலே இருந்து இறங்கி, காதுக்கு மேலேயே நின்றுவிடும். காதின் விளிம்பு துணிக்கு முன்னால் தெரியும். எந்த வகையை வைக்கிறீர்களோ, அதன்படி காதும் நடக்க வேண்டும். மூடிய தலைப்பாகையை வைத்துவிட்டு விரியாத காதை அப்படியே விட்டால், அதுவும் பொய்தான்.

புதுக்குடியிருப்பு, ஓர் அக்கா: எங்கள் ஐயா வயலில் துவாயைத் தலையில் கட்டினால் ஒரு காது உள்ளே, ஒரு காது வெளியே இருக்கும்.

அக்கா சொல்வதைக் கவனியுங்கள். துவாய்க்கட்டு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு பக்கத்தைச் செய்து மறுபக்கத்துக்குத் திருப்பி ஒட்டுகிற வேலையை அதில் செய்யவே கூடாது.

ஒட்டுசுட்டான்: கூகுளில் எடுத்த தலைப்பாகைப் படத்தை வைத்தால் என்ன?

முதல் பதிலில் இருக்கிறது.

முள்ளியவளை, ஒரு தாய்: மகனின் படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அதில் கிரிக்கெட் தொப்பி போட்டிருக்கிறான். நினைவு நாளுக்குத் தொப்பியை எடுத்துத் தருவீர்களா?

அம்மா, தொப்பி வைப்பதற்கும் எடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வைக்கும்போது இருப்பதை மறைக்கிறோம். எடுக்கும்போது, படத்தில் இல்லாத நெற்றியையும் முடியையும் நாங்கள் உண்டாக்க வேண்டும். தொப்பியின் முன்மடல் கண்களின் மேலும் நிழல் போட்டிருக்கிறது. அதையும் தூக்கினால் பார்வையே மாறும். பள்ளிக்கூடக் குழுப் படமோ, உறவினர் திருமணப் படத்தின் மூலையோ, எங்காவது அவன் தலை வெறுமையாகத் தெரிந்தால் தேடித் தாருங்கள். முகம் நகம் அளவில் இருந்தாலும் போதும். நெற்றியில் முடி எந்த வளைவில் தொடங்குகிறது, வகிடு எந்தப் பக்கம் என்று அதிலிருந்து தெரிந்துகொள்வேன். எதுவும் கிடைக்காவிட்டால் தொப்பியோடே விடுவதுதான் என் விருப்பம்.

வவுனியா, ஸ்ரூடியோ வைத்திருப்பவர்: அந்த மகனின் தம்பியின் முடியை எடுத்து வைத்தால் முடிந்தது. ஒரே குடும்பம், ஒரே நெற்றி. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

முடியின் சுருளையும் நிறத்தையும் சகோதரனிடம் எடுக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். முடி தொடங்கும் கோடு வேறு. ஒரே வீட்டில் அண்ணனுக்கு நெற்றி நடுவில் முனை இறங்கியிருக்கும். தம்பிக்கு வட்டமாக இருக்கும். தாய் அதைத் தடவி வளர்த்தவர். அவருக்குத் தெரியாமல் போகாது.

மாங்குளத்திலிருந்து ஒருவர்: என் கணவருக்கு அவருடைய அண்ணாவின் முடியை வைத்துத்தான் படம் செய்தோம். முதலில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்தார்கள். அவர்களுக்கு அப்பா என்றால் அந்த முகம்தான். அது பிழையா?

பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தங்கச்சி. சரி என்று சொல்லவும் முடியவில்லை. தொப்பியோடு உள்ள மூலப் படத்தை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். பிள்ளைகள் ஒருநாள் கேட்டால் இரண்டையும் காட்டலாம்.

வவுனியா, ஸ்ரூடியோ வைத்திருப்பவர்: படம் கேட்டு அழுதுகொண்டு வருகிறவரிடம் ‘முடியாது’ என்று சொல்வது எப்படி, ஐயா?

எனக்கும் கடினம்தான், தம்பி. முதலில் குழுப் படம் தேடச் சொல்லி அனுப்புகிறேன். தேடினால் பலருக்குக் கிடைக்கிறது. வெளிநாட்டில் உள்ள உறவினர் வீட்டு அல்பத்தில் இருந்துகூட வருகிறது.

முல்லைத்தீவு: தங்கையின் படத்தில் முக்காட்டை எடுத்துவிட்டு முடி வைத்துத் தர முடியுமா?

அவர் தாமே கேட்காமல் செய்ய மாட்டேன்.

துணுக்காய்: தொப்பிக்கு நிழல் போட்டேன். நெற்றியில் அழுக்குப் பிடித்ததுபோல் இருக்கிறது. கறுப்புத்தான் பாவித்தேன்.

கறுப்பு வேண்டாம் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். தோலின் நிழலில் இருந்து பழுப்பை எடுங்கள்.

பரந்தன்: கடவுச்சீட்டுப் படத்தில் தொப்பியை அழித்துக் கொடுக்கலாமா?

கூடாது. அடையாள ஆவணத்துக்கான படத்தில் முடி, காது, நெற்றி எதையும் திருத்தக் கூடாது. தொப்பியைக் கழற்றிவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட ஸ்ரூடியோவில் புதிதாக எடுங்கள்.

மல்லாவி, அதே மகள்: நன்றி ஐயா. செய்து முடித்ததும், சரியா என்று அம்மாவிடம் காட்டுவதற்கு முன்பு நான் எப்படிப் பார்ப்பது?

படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய கண் விட்டுவிட்ட கோணல் அப்போது தெரியும். பிறகு 100 வீதத்தில் காதோரத்தைப் பாருங்கள்: தோலில் பொரி இருந்து துணி வழுவழுப்பாக இருந்தால் Add Noise போதவில்லை. பெரிய பிரதிக்குப் போகுமுன் 4x6 அளவில் ஒன்று அச்சிடுங்கள். திரையில் இதமாகத் தெரியும் நிழல் தாளில் கருத்துவிடும். அப்படி ஆனால் அகன்ற நிழலின் அடர்த்தியை மட்டும் குறையுங்கள், ஓரத்து நிழல் அப்படியே இருக்கட்டும்.