ஒரு கிளாக்கும் அதன் தலைகீழும் இருக்க, இடைவெளி விட்ட இரண்டு கிளாக் எதற்கு?

கேள்வி: "லாட்ச் வைத்துச் செய்யும் சுற்றுகளில் ஒன்றன்மேல் ஒன்று படியாத இரண்டு கிளாக் வேண்டும் என்கிறார்கள். ஒரு கிளாக்கையும் இன்வெர்ட்டர் வழியாக அதன் தலைகீழையும் கொடுத்தால் போதாதா? தரவு இரண்டு நிலை தாண்டி ஓடிவிடும் என்கிறார்களே, அது எப்படி?"

கல்லூரி இரண்டாம் ஆண்டில் இதை நான் ப்ரெட்போர்டில் அசடு வழிந்துதான் கற்றுக்கொண்டேன். ஷிஃப்ட் ரெஜிஸ்டர் கட்டச் சொல்லியிருந்தார்கள். ஆய்வகப் பெட்டியில் ஃப்ளிப்-ஃப்ளாப் தீர்ந்துபோய், நான்கு லாட்ச் கொண்ட 74HC75 சிப்தான் மிச்சம் இருந்தது. நான்கு லாட்ச்சையும் வரிசையாகக் கோத்து, அதன் இரண்டு எனேபிள் கால்களையும் சேர்த்து ஒரே பட்டனில் இணைத்தேன். உள்ளீட்டில் 1 கொடுத்து பட்டனை ஒருமுறை அழுத்தினேன். ஒரு எல்இடி எரிய வேண்டிய இடத்தில் நான்கும் எரிந்தன.

லாட்ச் என்பது மடை மாதிரி. எனேபிள் 1 ஆக இருக்கும் நேரம் முழுவதும் திறந்தே இருக்கும். உள்ளே வருவது அப்படியே வெளியே போகும். என் விரல் பட்டனில் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்காவது இருந்திருக்கும். நான்கு லாட்ச்சையும் கடக்க தரவுக்குச் சில பத்து நானோவினாடிகள் போதும். அழுத்தி முடிப்பதற்குள் அது கடைசி வரை போய்ச் சேர்ந்துவிட்டது. ஃப்ளிப்-ஃப்ளாப்பில் இந்தச் சிக்கல் தெரியாததற்குக் காரணம், அதற்குள்ளேயே எதிரெதிராகத் திறக்கும் இரண்டு லாட்ச்சுகள் இருப்பதுதான்.

இனி உங்கள் யோசனைக்கு வருகிறேன். முதல் லாட்ச்சுக்கு கிளாக், இரண்டாவதற்கு அதன் தலைகீழ், மூன்றாவதற்கு மறுபடி கிளாக். ஒன்று திறந்தால் அடுத்தது மூடியிருக்கும் என்பது கணக்கு. காகிதத்தில் சரி. ஆனால் இன்வெர்ட்டருக்கும் தாமதம் உண்டு, கம்பிக்கும் உண்டு.

எண்களோடு பார்ப்போம். 10 நானோவினாடி கிளாக். இன்வெர்ட்டர் 0.1 எடுத்துக்கொள்கிறது, சிப்பின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் கிளாக் போய்ச் சேர்வதில் 0.4 வித்தியாசம் வரலாம். லாட்ச் மிக வேகமாக இருந்தால் 0.15-இல் தரவைக் கடத்திவிடும். லாட்ச்சுகளுக்கு இடையே வேறு கேட் எதுவும் இல்லை. எல்லாம் ஒரு மாதிரிக்குச் சொல்லும் எண்கள்தான்.

கிளாக் 0-விலிருந்து 1-க்கு ஏறும் தருணத்தை 0 என்று வையுங்கள். முதல் லாட்ச் திறக்கிறது. இரண்டாவது லாட்ச் மூட வேண்டும். ஆனால் மூடும் செய்தி அதற்கு 0.5-இல்தான் கிடைக்கிறது. புதிய பிட் 0.15-இல் முதல் லாட்ச்சைக் கடந்து, இன்னும் திறந்திருக்கும் இரண்டாவதையும் 0.3-இல் கடந்துவிடுகிறது. மூன்றாவது லாட்ச் முதலாவதோடு சேர்ந்து திறப்பது. இன்னும் நாலரை நானோவினாடிக்கு மேல் திறந்தே இருக்கும். இரண்டாவதில் இருந்த பழைய பிட்டைப் பிடிக்கத்தான் அது திறந்தது. அதன்மேல் புதிய பிட் வந்து உட்கார்ந்துவிட்டது. பழைய பிட் போன இடம் தெரியாது. நீங்கள் கேட்ட ஓட்டம் இதுதான்.

கிளாக் இறங்கும் விளிம்பில் இன்வெர்ட்டரின் தாமதம் நமக்குச் சாதகம்: ஒன்று மூடி 0.1 கழித்துத்தான் மற்றது திறக்கும். ஏறும் விளிம்பில் அதே தாமதம் எதிராகத் திரும்புகிறது. ஆக, இரண்டு விளிம்பிலும் அந்த இடைவெளியை நாமே வலிந்து உண்டாக்க வேண்டும். ஃபை-1, ஃபை-2 என்று இரண்டு கிளாக் வைத்து, ஒன்று முழுதாக இறங்கிய பிறகே மற்றது ஏற வேண்டும் என்கிறோம். நடுவில் இரண்டுமே 0 ஆக இருக்கும் சிறு பொழுது ஒன்று வரும். எவ்வளவு வேண்டும்? மூடிய பிறகும் லாட்ச்சின் உள்ளீடு 0.1 நேரம் மாறாமல் நிற்க வேண்டும் என்று வைத்தால், இடைவெளியும் முன்னால் உள்ள லாட்ச்சின் 0.15-உம் சேர்ந்து, 0.4 + 0.1 என்பதற்குக் குறையக் கூடாது. அதாவது 0.35 போதும். நான் 0.6 விடுவேன்.

இப்படிக் கிளாக் செய்வதற்குக் குறுக்காகப் பின்னிய இரண்டு நார் கேட் போதும். ஒவ்வொன்றும் மற்றதன் வெளியீடு தாமதமாக வந்து 0 ஆகும் வரை காத்திருக்கும்:

```verilog
assign #1 phi1 = ~(clk | d2);
assign #1 phi2 = ~(~clk | d1);
assign #3 d1 = phi1;
assign #3 d2 = phi2;
```

`clk` ஏறினால் ஓர் அலகு கழித்து `phi1` இறங்கும். அது `d1` வழியாக வந்து சேர இன்னும் மூன்று, பிறகு `phi2` ஏற ஒன்று. இடைவெளி நான்கு அலகு. இது சிமுலேஷனுக்கு மட்டும். நிஜச் சிப்பில் அந்தத் தாமதத்தை இன்வெர்ட்டர் சங்கிலியால் செய்ய வேண்டும், சிந்தசிஸ் மென்பொருள் அதை வீண் என்று நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். கிளாக் பிறக்கும் இடத்தில் இடைவெளி சரியாக இருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தொலைவில் உள்ள லாட்ச்சின் காலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே கணக்கு.

கோளாறு இந்த ஓட்டத்தால்தானா என்று அறிய ஒரு வழி உண்டு. கிளாக்கை மெதுவாக்குங்கள். 100 மெகாஹெர்ட்ஸில் வரும் தவறு 1 மெகாஹெர்ட்ஸிலும் அப்படியே வந்தால் இதையே முதலில் சந்தேகிக்கலாம். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் பொழுதைத் தீர்மானிப்பது இன்வெர்ட்டரும் கம்பியும்தான், கிளாக்கின் சுற்றுக்காலம் அல்ல. ஃப்ளிப்-ஃப்ளாப் வைத்த சிப்பில் இப்படி ஆனால் பெரும்பாலும் சிப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃபை-1, ஃபை-2 இரண்டையும் வெளியிலிருந்து கொடுக்கும் சிப்பாக இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள், வேலை செய்யும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சுற்றுக்கு 1.2 நானோவினாடி வீணாகிறதே என்று பலர் கேட்கிறார்கள். வீணாவதில்லை. தரவு வரும்போது லாட்ச் திறந்திருந்தால் அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். இடைவெளியில் கணக்கிடும் கேட்கள் தூங்குவதில்லை. மெதுவான நிலையில் ஒரு லாட்ச்சைக் கடக்க 0.3 என்றால், இரண்டு லாட்ச்சுக்கு 0.6 போக மீதி 9.4 முழுவதும் உங்களுடையது. ஒரு பாதி தாமதித்தால் அடுத்த பாதியிலிருந்து கடன் வாங்கலாமே, அந்தக் கடனின் உச்சவரம்புதான் இடைவெளி அளவுக்குக் குறையும்.

ஆனால் ஃபை-1 லாட்ச்சின் வெளியீடு கேட்கள் வழியாக இன்னொரு ஃபை-1 லாட்ச்சுக்கு நேராகப் போனால் எந்த இடைவெளியும் காப்பாற்றாது. இரண்டும் சேர்ந்தே திறக்கின்றன. என் நான்கு எல்இடி கதைதான். இடைவெளியை இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது. பழைய சிப்புகளில் பிட் என்பது ஒரு டிரான்சிஸ்டரின் கேட்டில் தேங்கிய மின்னூட்டம் மட்டுமே, நேரமானால் கசிந்துவிடும். இரண்டு கிளாக்கில் ஓடிய இன்டெல் 8080-இன் சுற்றுக்காலம் 2 மைக்ரோவினாடியைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது.

என் ப்ரெட்போர்டுக்கு வருகிறேன். 74HC75-இல் முதல் இரண்டு லாட்ச்சுக்கு ஓர் எனேபிள், மூன்று நான்குக்கு இன்னோர் எனேபிள். ஆகவே 1, 3, 2, 4 என்ற வரிசையில் கோத்தேன். இரண்டு எனேபிளுக்கும் தனித்தனி பட்டன், தரைக்கு 10 கிலோ ஓம். முதல் பட்டனை அழுத்தி விட்டு, பிறகு இரண்டாவது: பிட் ஒரு நிலை நகர்ந்தது. பட்டன் துள்ளுவதைத் தடுக்க நான் ஒன்றுமே செய்யவில்லை. ஒரு பட்டன் பத்து முறை துள்ளினாலும் மற்ற லாட்ச் மூடியிருக்கிறது. அதே பிட் அதே இடத்தில் மறுபடி மறுபடி விழும், அவ்வளவுதான். இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் மட்டும் நான்கு எல்இடியும் பழையபடி ஒன்றாக எரிந்தன.