சாயாங், மூன்று இடத்தில்

அன்புள்ள அக்கா,

எங்கள் வாசிப்புக் குழுவுக்காக ஒரு மலாய்ச் சிறுகதையைத் தமிழில் கொண்டுவர முயற்சி செய்கிறேன். கப்பலுக்குப் போன மகனுக்குச் சோறு எடுத்துவைத்துக் காத்திருக்கும் ஒரு நெனெக்கின், அதாவது பாட்டியின், கதை. பேத்தியின் தலையைத் தடவும்போது ‘சாயாங்’, மறுநாள் மிஞ்சிய சோற்றைப் பார்த்து ‘சாயாங்’, கடைசி வரியில் பேத்தியிடம் “சாயாங், டியா தாக் பாலேக்.” எல்லா இடத்திலும் ‘அன்பு’ என்று போட்டால் ஒட்டவில்லை. அடிக்குறிப்பு போடலாமா?

ஒரு வாசகி, ஈசூன்

வணக்கம்மா,

அடிக்குறிப்பு வேண்டாம். அது பொருளைச் சொல்லிவிடும், ஆனால் அந்த நேரத்தில் நெனெக்கின் குரல் நின்றுபோகும். கடைசி வரியில் அப்படி நின்றால் கதையே போச்சு.

தோ பாயோவில் நாங்கள் இருந்தபோது பக்கத்து வீட்டு மக்சிக் காலி மைலோ டின்களைக் கழுவிக் கழுவி அடுக்கிவைப்பார். எதற்கு என்று கேட்டால் “சாயாங் நாக் புவாங்” என்பார். என் அம்மாவும் அப்படித்தான், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு “தூக்கிப் போட மனசு வரலை” என்பார். இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. சாயாங் என்பது வெறும் அன்பு இல்லை, கைவிட்டுப் போவதைத் தாங்காத அன்பு. போகவில்லை என்றால் தடவிக் கொடுக்கிறோம், போய்விட்டால் “அடடா” என்கிறோம். (பிலிப்பீன்ஸ்காரர்களிடமும் இந்தச் சொல் உண்டு, ஆனால் அவர்களுக்கு அது ‘வீணாப்போச்சே’ மட்டும்தான், கொஞ்சல் கிடையாது.)

இனி உங்கள் கடைசி வரி. மலாயில் வாக்கியத்தின் முதலில் சாயாங் வந்து ஒரு கமா விழுந்தால் இரண்டு விதமாகப் படிக்கலாம்: “கண்ணு, அவன் திரும்பி வரலை” அல்லது “அடப் பாவமே, அவன் திரும்பி வரலை.” சாயாங்ஞா என்றோ சாயாங் செகாலி என்றோ இருந்திருந்தால் வருத்தம்தான் என்று முடிவாகிவிடும். இங்கே எதிரே குழந்தை நிற்கிறது, அதனால் முடிவாகவில்லை. எழுதியவர் வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். இதற்கு ஒரே தமிழ்ச்சொல் தேடினால் கிடைக்காது, ஆனால் ஒரே சொல்லில்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? கொஞ்சலை விளியில் வையுங்கள், வருத்தத்தை வினையில் வையுங்கள். “கண்ணு, அவன் வராமப் போயிட்டானே.” வெறும் ‘வரலை’ என்பது தகவல். அதில் ‘போயிட்டான்’ சேர்ந்ததும் இழப்பு வருகிறது, கடைசியில் அந்த ஏகாரம் வந்ததும் பாட்டி பெருமூச்சு விடுகிறாள். தமிழில் துக்கம் பெரும்பாலும் வால்பகுதியில்தான் இருக்கும், நாம் அதைச் சொற்பட்டியலில் தேடுவதால்தான் அகப்படுவதில்லை. ஒன்று மட்டும் இதில் போய்விடும்: மலாய் வாசகர் இதுவா அதுவா என்று ஒரு கணம் தடுமாறுவார், தமிழ் வாசகருக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்துவிடும். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்புறம், மூன்று இடத்திலும் ஒரே சொல் திரும்ப வருகிறதே, அந்த எதிரொலி. அதற்கு நான் செய்வது இது. முதல் இடத்தில் சொல்லை அப்படியே விடுங்கள், செய்கையோடு: “நெனெக் அவள் உச்சந்தலையில் கை வைத்து, சாயாங் சாயாங் என்று பின்னந்தலை வரைக்கும் தடவினாள்.” இங்கே சிங்கப்பூரில் உள்ளவர்கள் “தம்பிக்கு சாயாங் பண்ணு” என்று கேட்டே வளர்ந்தவர்கள், மதுரையில் படிப்பவருக்கும் அந்தக் கை சொல்லிக் கொடுத்துவிடும். சோற்றுக்கு வரும்போது “சாயாங், கொட்ட மனசு வரலை” என்று சொல்லையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கடைசியில் சொல்லை எடுத்துவிட்டு, முதலில் தடவிய அதே கையைக் கொண்டுவரலாம்: உச்சந்தலையிலிருந்து பின்னந்தலை வரைக்கும் தடவிக்கொண்டே, “கண்ணு, அவன் வராமப் போயிட்டானே.” மூலத்தில் அங்கே கை இல்லையென்றால் இது கொஞ்சம் துணிச்சல்தான். மனம் ஒப்பவில்லை என்றால் ‘கண்ணு’வை எடுத்துவிட்டு ‘சாயாங்’கையே வையுங்கள், வினையை மட்டும் மாற்றாதீர்கள்.

முடித்ததும் மலாய் தெரியாத ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். சோற்று இடத்தில் அவர் “சாயாங்னா என்ன?” என்று கேட்டால் முதல் இடம் சரியாக அமையவில்லை, அங்கே போய்த் திருத்துங்கள்.