மாடியிலிருந்து எறியும் கணக்கு: திசைவேகத்தைப் பிரித்த பிறகு என்ன செய்வது?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு ஒர்க்‌ஷீட்டில் எறிபொருள் கணக்கு வந்தால் u cosθ, u sinθ என்று பிரித்துவிடுகிறேன். அதன்பிறகு எதை எந்தச் சமன்பாட்டில் போடுவது என்று குழப்பமாக இருக்கிறது. தரையிலிருந்து எறிந்தால் விடை சரியாக வருகிறது, மாடியிலிருந்து எறிந்தால் தப்பாகவே போகிறது. ஏன்?

பதில்:

தரைக் கணக்கில் உங்களுக்கு விடை வருவது பெரும்பாலும் R = u² sin2θ / g என்ற மனப்பாடச் சூத்திரத்தால்தான். எறிந்த மட்டத்திலேயே பொருள் வந்து விழுந்தால் மட்டுமே அது செல்லும். மாடிக் கணக்கில் விழும் இடம் கீழே இருக்கிறது, அதனால் சூத்திரம் கைவிட்டுவிடும். கூறுகளாகப் பிரித்ததை உண்மையிலேயே பயன்படுத்த வேண்டிய இடம் இதுதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 15 மீட்டர் உயர மொட்டை மாடியின் விளிம்பிலிருந்து ஒரு பந்து, கிடைத்தளத்துக்கு மேலே 30° கோணத்தில், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறியப்படுகிறது. g = 10 m/s². அது சுவரடியிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்த வேகத்தில் தரையைத் தொடும்?

முதலில் தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கிடைத்தளம், வலப்பக்கம் செங்குத்து. பிறகு குறியீட்டை முடிவு செய்யுங்கள்: எறிந்த புள்ளிதான் தொடக்கம், மேல்நோக்கிப் போவதெல்லாம் நேர்க்குறி, கீழ்நோக்கி வருவதெல்லாம் எதிர்க்குறி. இதை எழுதியே வைத்துவிடுங்கள். மனதில் வைத்துக்கொண்டால் நான்காவது வரியில் மாறிப்போகும்.

இடப்பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு வேகம்: 20 cos30° = 17.32 m/s. ஈர்ப்பு விசை கீழ்நோக்கி மட்டுமே இழுப்பதால் இந்த எண் எறிந்ததிலிருந்து விழும்வரை மாறாது. ஆகவே இந்தப் பக்கத்துக்கு x = 17.32 t என்ற ஒரே சமன்பாடு போதும். இங்கே g தலைகாட்டினால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

வலப்பக்கத்தில் தொடக்க வேகம் 20 sin30° = 10 m/s, முடுக்கம் −10, இடப்பெயர்ச்சி −15. பந்து நடுவில் மேலே போய் வந்தது என்பது இடப்பெயர்ச்சிக்குத் தேவையே இல்லை. தொடக்கமும் முடிவும் மட்டும்தான் கணக்கு, முடிவு 15 மீட்டர் கீழே இருக்கிறது.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது நேரம் ஒன்றுதான். பந்து ஒன்று, அது பறக்கும் நேரமும் ஒன்று. அதனால் எந்தப் பக்கத்தில் t தவிர மற்றதெல்லாம் தெரிந்திருக்கிறதோ அங்கே t-ஐக் கண்டுபிடித்து, அதை மறுபக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே அது வலப்பக்கம். அந்த எண்களை s = ut + ½at² என்ற சமன்பாட்டில் போட்டால்:

−15 = 10t − 5t²
t² − 2t − 3 = 0
(t − 3)(t + 1) = 0

t = 3 நொடி. உடனே இடப்பக்கம் வாருங்கள்: x = 17.32 × 3 = 51.96, அதாவது ஏறக்குறைய 52 மீட்டர்.

தரையைத் தொடும்போது கிடைக்கூறு அதே 17.32. செங்குத்துக் கூறு 10 − 10 × 3 = −20. இரண்டையும் அப்படியே கூட்டக்கூடாது, அவை செங்கோணத்தில் இருக்கின்றன. √(300 + 400) = √700 = 26.5 m/s. திசைக்கு tan⁻¹(20/17.32) = 49°, கிடைத்தளத்துக்குக் கீழே. விடையைச் சரிபார்க்க ஆற்றல் அழிவின்மை இருக்கிறது: v² = 20² + 2 × 10 × 15 = 700. கோணமோ நேரமோ இல்லாமலே அதே எண் வந்துவிட்டது. ஆனால் வேகத்துக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. தூரம் தப்பாக இருந்தால் இது காட்டிக்கொடுக்காது.

தவறுகள் தனித்தனித் தடயம் விட்டுப்போகின்றன, அதனால் உங்கள் விடையைப் பார்த்தே எங்கே சறுக்கினீர்கள் என்று கண்டுபிடிக்கலாம்.

34.6 மீட்டர் வந்திருந்தால் நீங்கள் R சூத்திரத்தைப் போட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. 2-ஆவது நொடியில் பந்து மாடி மட்டத்தைத் திரும்பக் கடக்கும் இடம் அது. அதன்பிறகு பந்து இன்னும் ஒரு நொடி பறக்கிறது.

வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் வந்து கால்குலேட்டர் எர்ரர் காட்டினால், இடப்பெயர்ச்சியை +15 என்று போட்டிருக்கிறீர்கள். அதன் பொருள், பந்து மாடிக்கு மேலே 15 மீட்டர் உயரத்தை எப்போது அடையும் என்று கேட்டதாக ஆகிறது. 10 m/s செங்குத்து வேகத்தில் எறிந்தது 5 மீட்டர்தான் ஏறும், அதனால் ‘ஒருபோதும் இல்லை’ என்று சமன்பாடு சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது.

மிகவும் ஏமாற்றும் தவறு அடுத்தது. 15-க்கும் நேர்க்குறி, g-க்கும் நேர்க்குறி, 10-க்கும் நேர்க்குறி போட்டால் 15 = 10t + 5t², அதிலிருந்து t = 1. அழகான முழு எண் வருவதால் சந்தேகமே வராது. கீழ்நோக்கி நேர்க்குறி என்று வைத்துக்கொண்டால் தொடக்க வேகம் −10 ஆகியிருக்க வேண்டும். அதை மாற்ற மறந்ததால் நீங்கள் போட்டது, பந்தை 30° *கீழ்நோக்கி* எறிந்த வேறொரு கணக்கு. நாம் தள்ளிவிட்ட t = −1 என்ற மூலமும் இதையொட்டியதுதான். பந்தின் பாதையைப் பின்னோக்கி நீட்டினால், எறிவதற்கு ஒரு நொடி முன்பு அது தரை மட்டத்தில் இருந்திருக்கும்.

sin30° எதிர்ம எண்ணாக, −0.988 என்று வந்தால் கால்குலேட்டர் ரேடியன் மோடில் இருக்கிறது. t = 4.65 வந்தால் வலப்பக்கத்தில் 10-க்குப் பதில் முழு 20-ஐப் போட்டிருக்கிறீர்கள். கோணம் ‘செங்குத்துடன் 30°’ என்று கொடுக்கப்பட்டிருந்தால் sin, cos இரண்டும் இடம் மாறும். கிடைக்கூறுக்கு எப்போதும் cos என்று பாடம் செய்யாமல், கோணத்தை ஒட்டியிருக்கும் பக்கத்துக்கு cos என்று படம் வரைந்து பாருங்கள்.

உச்சியில் வேகம் சுழி என்று எழுதுவோரும் உண்டு. சுழியாவது செங்குத்துக் கூறு மட்டும். உச்சியிலும் பந்து 17.32 m/s வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இவ்வளவும் காற்றின் தடையை விட்டுவிட்ட கணக்கு. தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறினால் ஒரு கூறு மற்றொன்றைப் பாதிக்கும். அப்போது நடுக்கோடு போட்டுத் தனித்தனியாகத் தீர்ப்பது செல்லாது.

கடைசியாக, ஒர்க்‌ஷீட்டில் தவறாமல் வரும் இன்னொரு வகை: ‘26 மீட்டர் தள்ளி ஓர் உயரமான சுவர் இருக்கிறது, பந்து அதில் எந்த உயரத்தில் மோதும்?’ இங்கே x தெரியும், y தெரியாது. எனவே இந்த முறை நேரத்தை இடப்பக்கத்தில் எடுக்க வேண்டும்: t = 26/17.32, ஏறக்குறைய 1.5 நொடி. அதை வலப்பக்கம் கொண்டுபோனால் y = 10 × 1.5 − 5 × 2.25 = 3.75 மீட்டர். இது மாடியிலிருந்து அளந்த உயரம், தரையிலிருந்து கேட்டால் 18.75. அந்தக் கணத்தில் செங்குத்து வேகம் 10 − 15 = −5, ஆகவே பந்து உச்சியைத் தாண்டி இறங்கும்போதுதான் சுவரில் மோதுகிறது.