விறைப்பு எப்படி நிகழ்கிறது? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: ஆண்குறியில் எலும்பு இல்லை என்கிறார்கள். அப்படியானால் அது உறுதியாவது தசை இறுகுவதாலா?

பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது: விறைப்பு என்பது அடிப்படையில் ஒரு தளர்வு. ஆண்குறியின் உள்ளே நீளவாக்கில் இரண்டு உருளைகள் அருகருகே அமைந்துள்ளன. அவற்றில் பஞ்சின் துளைகளைப் போல எண்ணற்ற சிறு அறைகள் இருக்கின்றன. இந்த அறைகளின் சுவர்களிலும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளின் சுவர்களிலும் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத மென்தசை இருக்கிறது. சாதாரண நேரங்களில் அது இறுகியே இருப்பதால், திசுவைப் பேணுவதற்குத் தேவையான சிறிதளவு ரத்தம் மட்டுமே உள்ளே வருகிறது.

கிளர்ச்சி ஏற்படும்போது நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. அது மென்தசைச் செல்களுக்குள் புகுந்து சுழல் ஜிஎம்பி என்ற வேதிப்பொருளை உருவாக்க, செல்லினுள் கால்சியம் குறைந்து தசை தளர்கிறது. தமனிகள் விரிந்து ரத்தம் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் உராய்வால் ரத்தக்குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரப்பதால் தளர்வு நிலைக்கிறது.

ஆனால் ரத்தம் வந்தால் மட்டும் போதாது, அது தங்கவும் வேண்டும். இரு உருளைகளையும் ஒரு தடித்த நார் உறை போர்த்தியிருக்கிறது. ரத்தத்தை வெளியேற்றும் நுண்சிரைகள் பஞ்சுத் திசுவுக்கும் இந்த உறைக்கும் இடையில்தான் ஓடுகின்றன. அறைகள் நிரம்பி உப்பும்போது அந்தச் சிரைகள் உறையின் மீது அழுத்தப்பட்டு நசுங்கி, வெளியேறும் வழி ஏறக்குறைய அடைபடுகிறது. அப்போது உள்ளே அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டுகிறது. தசை முழுமையாகத் தளராவிட்டால் சிரைகளும் சரியாக நசுங்குவதில்லை. அதனால்தான் சிலருக்கு விறைப்பு வந்தும் நிலைப்பதில்லை.

கேள்வி: முழு விறைப்பிலும் நுனிப்பகுதி மட்டும் சற்று மென்மையாக இருக்கிறது. இது குறையா?

இல்லை. நுனி மொட்டு, சிறுநீர்ப் பாதையைச் சூழ்ந்திருக்கும் மூன்றாவது உருளையின் தொடர்ச்சியாகும். அந்த உருளையின் உறை மெல்லியது என்பதால் அதில் அழுத்தம் அவ்வளவு உயர்வதில்லை. உயர்ந்திருந்தால் பாதை நசுங்கி விந்து வெளியேற முடியாமல் போயிருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 29. திருமணமாகி மூன்று மாதம் ஆகிறது. காலையில் எழும்போது நல்ல விறைப்பு இருக்கிறது. மனைவியுடன் இருக்கும்போதோ, வந்த விறைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடுகிறது. முதல்முறை அப்படி ஆனதிலிருந்து ஒவ்வொரு முறையும் ‘இன்றும் போய்விடுமோ’ என்றே கவனித்துக்கொண்டிருக்கிறேன். நரம்புத் தளர்ச்சியா?

உங்கள் கடிதத்திலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. விறைப்பைத் தொடங்கும் நரம்புகள் தண்டுவடத்தின் கீழ்முனையில், திருவெலும்புப் பகுதிக்குரிய இரண்டாவது முதல் நான்காவது வரையிலான கூறுகளிலிருந்து புறப்படுகின்றன. தொடுகை உணர்வு அங்கேயே நேராகச் சென்று சேர்ந்து அனிச்சையாக விறைப்பை உண்டாக்க முடியும். பார்வையும் நினைவும் கற்பனையும் மூளையிலிருந்து இறங்கி வந்து அதே வேலையைத் தூண்டலாம். இவற்றுக்கு எதிராகச் செயல்படுபவை பரிவு நரம்புகள். அவை நார்அட்ரினலினை வெளியிட்டு மென்தசையை இறுக்குகின்றன.

அச்சம் வந்தால் உடல் முழுவதும் ஓங்குவது இந்தப் பரிவு நரம்பு மண்டலமே. ‘போய்விடுமோ’ என்று நீங்கள் கவனிக்கத் தொடங்கும் கணத்தில் மென்தசை இறுகுகிறது, தமனி சுருங்குகிறது, நசுங்கியிருந்த சிரைகள் திறந்துகொள்கின்றன. அதன் பிறகு ரத்தம் வடிய நெடுநேரம் ஆகாது. கனவு நிகழும் உறக்க நிலையில் பரிவு நரம்புகளின் பிடி தளர்வதால், ஆரோக்கியமான ஆணுக்கு ஓர் இரவில் பொதுவாக மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு ஏற்படுகிறது. காலையில் நீங்கள் காண்பது அதன் கடைசித் தவணை. அது உறுதியாக இருப்பதால் உங்கள் நரம்பும் ரத்தக்குழாயும் இயங்குகின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். இருவரும் பேசி, சில வாரங்களுக்கு உடலுறவை இலக்காக வைக்காமல் தொடுகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலை விறைப்பும் குறைந்துவந்தால், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். இங்குள்ள தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகலானவை என்பதால் அடைப்பின் அறிகுறி முதலில் இங்கே தெரியக்கூடும்.

கேள்வி: விறைப்புக் குறைபாட்டுக்குத் தரப்படும் சில்டனாபில் மாத்திரை ஆசையை வரவழைக்குமா?

வரவழைக்காது. வேலை முடிந்ததும் சுழல் ஜிஎம்பியைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது, அவ்வளவே. கிளர்ச்சி இல்லாவிட்டால் நைட்ரிக் ஆக்சைடு சுரக்காது, காப்பாற்றுவதற்கு ஜிஎம்பியும் இருக்காது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இதைச் சேர்த்து உண்ணவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்துவிடும்.

கேள்வி: விறைப்பு அடங்காமலேயே இருந்தால்?

நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேங்கிய ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்து திசு அழியத் தொடங்கும். வலி அதிகரிப்பது அதன் அடையாளம். வெட்கப்பட்டுக் காலைவரை காத்திருந்தவர்களுக்கு நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.