ஏழாவது பத்தியில் இருந்த செய்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நூற்பாலைகளின் இயந்திரப் பராமரிப்புக்கு மென்பொருள் செய்து விற்கிறோம். கோவையில் அலுவலகம். பதினொரு பேர் முதலீடு செய்திருக்கிறார்கள். மாதாமாதம் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறேன். போன வாரம் அனுப்பிய ஜூன் மாத மடலை இணைத்திருக்கிறேன். ஒருவர் மட்டும் "கிரேட் கோயிங்" என்று பதில் போட்டார். மற்றவர்கள் படித்தார்களா என்றே தெரியவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். புது அலுவலகம், கண்காட்சியில் ஸ்டால், விருந்துப் படங்கள் எல்லாம் முடிந்து ஏழாவது பத்தியில், "எங்கள் பெரிய வாடிக்கையாளர் செப்டம்பரில் ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்கிறார்" என்று போகிற போக்கில் ஒரு வரி. முதலீட்டாளர் கைபேசியில் தலைப்பையும் முதல் நான்கு வரியையும்தான் பார்ப்பார். ஏழாவது பத்தியை அவர் எட்டுவதற்குள் லிஃப்ட் வந்துவிடும்.

சரி, எண்களை மேலே கொண்டுவரலாம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் சிக்கல். ஜூன் வருமானம் 14.16 லட்சம், மே மாதத்தைப் போல இரு மடங்கு என்கிறீர்கள். இணைப்பில் இருந்த கணக்கைப் பிரித்தால் அதில் 2.16 லட்சம் ஜி.எஸ்.டி. அது உங்கள் பணம் இல்லை. மீதி 12 லட்சத்தில் 6 லட்சம், இரண்டு புதிய ஆலைகள் ஒரு வருடத்துக்கு முன்பணமாகக் கட்டியது. மாதத்துக்கு அது ஐம்பதாயிரம்தான். ஆக, மாதாந்தரத் தொடர் வருமானம் மே மாதம் 6 லட்சம், ஜூனில் 6.5 லட்சம். வளர்ச்சி 8 சதவீதம். நல்ல மாதம்தான், ஆனால் இரு மடங்கு இல்லை.

இதைவிடப் பெரியது கையிருப்பு. வங்கியில் 92.16 லட்சம், மாதச் செலவு 21 லட்சம், ஜூனில் வந்தது 14.16 லட்சம். குறையும் 6.84 லட்சத்தால் வகுத்து, பதின்மூன்று மாதம் தாங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு ஆலைகளும் அடுத்த ஜூன் வரை பைசா தரப்போவதில்லையே! இனி மாதம் வரப்போவது 6 லட்சம், கரையப்போவது 15 லட்சம். வரியை ஒதுக்கினால் இருப்பு 90 லட்சம். ஆறு மாதம், அதாவது டிசம்பர் முடிய. (வாங்கியவற்றுக்கு நீங்கள் கட்டிய வரியைக் கழித்தால் கொஞ்சம் மிஞ்சும், ஆனால் மாதக் கணக்கு மாறாது.) கதை முதலில், எண் பின்னால் என்று எழுதும்போது எந்த எண்ணும் பொருந்திவிடும். முதல் வரியில் எண்ணை வைத்தால், அது எதைக் குறிக்கிறது என்று நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டிவருகிறது.

நான் எழுதியிருந்தால் இப்படித் தொடங்கியிருப்பேன். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், சாரம் இது:

"தொடர் வருமானம் 6.5 லட்சம் (மே: 6). கையில் 90 லட்சம், மாதக் கரைவு 15 லட்சம், டிசம்பர் முடிய.

உதவி: திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரத்தில் 25,000 ஸ்பிண்டிலுக்கு மேல் ஓட்டும் ஆலைகளின் பராமரிப்புத் தலைவர் ஒருவரிடம் இந்த மாதத்துக்குள் அறிமுகம் வேண்டும். அப்படியே ஃபார்வர்ட் செய்ய மூன்று வரி கீழே.

ஆபத்து: மாதம் 2 லட்சம் தரும் வாடிக்கையாளரின் ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. கொள்முதல் தலைவர் மாறிவிட்டார். ஆகஸ்ட் 15க்குள் பதில் வாங்குவோம்."

"எந்த உதவியும் வரவேற்கப்படுகிறது" என்ற உங்கள் கடைசி வரிக்கு யாராலும் பதில் எழுத முடியாது. ஊரும் பதவியும் சொன்னால்தான் ஒரு முகம் நினைவுக்கு வரும். இரண்டு உதவிக்கு மேல் கேட்காதீர்கள்.

அந்த ஆபத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் போய்விட்டால் அக்டோபரிலிருந்து கரைவு 17 லட்சம். பணம் டிசம்பர் 20 வாக்கில் தீரும், பத்துப் பன்னிரண்டு நாள்தான் வித்தியாசம். ஆனால் அடுத்த சுற்று முதலீடு கேட்கப் போகிற அதே நேரத்தில் தொடர் வருமானம் 4.5 லட்சமாக இறங்கியிருக்கும். வலிப்பது அதுதான். அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். வாடிக்கையாளர் பெயர் மட்டும் வேண்டாம், இந்த மடல்கள் கை மாறும்.

விருந்துப் படம் ஒன்று கீழே இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் ஜூலை மாத மடல் வரை காத்திருக்காதீர்கள். "போன வார மடலில் பதின்மூன்று மாதம் என்றது தவறு, ஆறு மாதம்" என்று இந்த வாரமே திருத்தி அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன், அதிகம் முதலீடு போட்டவரை போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.