குட்டிப் பசங்களுக்கு நாலு வரி பிரெஞ்சு வாழ்த்து: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணன் பையனுக்கு ஆறு வயசு ஆகப்போகுது, பிரெஞ்சு ஸ்கூல்ல படிக்கிறான். ரைமோட சின்னதா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பணும். எனக்கு பிரெஞ்சு சுத்தமா தெரியாது.

பதில்: நாலு வரி போதும், இதை அப்படியே சொல்லுங்க.

ஜ்வயோஸ் அனிவெர்ஸேர்,
தூத் லா ஃபாமீய் ஏ ஃபியேர்.
து ஆ ஸீஸான்,
க து ஏ க்ரான்!

பிறந்தநாள் வாழ்த்து, குடும்பமே பெருமைப்படுது, உனக்கு ஆறு வயசு, எவ்ளோ பெருசாயிட்டன்னு அர்த்தம். முதல் வரியில "ஜ்வயோஸ்" கடைசியில வர்ற ஸ், தேனீ ரீங்காரம் மாதிரி வரணும், அதை அடுத்த வார்த்தையோட ஒட்டியே சொல்லிடுங்க, "ஸீஸான்"ல ரெண்டாவது ஸ்-உம் அதே மாதிரி தான். ஆன், க்ரான் ரெண்டுலயும் கடைசி ன்-ஐ முழுசா சொல்லாதீங்க, மூக்கால இழுத்து விட்டுடணும், நாக்கு மேல போய் ஒட்டுச்சுன்னா தப்பா சொல்றீங்கன்னு அர்த்தம். அப்புறம் மூணாவது வரியில "ஆ", நாலாவதுல "ஏ", இது ரெண்டையும் மாத்திடாதீங்க, வயசு சொல்றப்ப எப்பவும் "ஆ" தான்.

கேள்வி: எனக்கு பொண்ணு, அஞ்சு வயசு. க்ரான்-ஐ பொண்ணுக்கு ஏத்த மாதிரி மாத்திட்டா போதும்ல?

பதில்: இலக்கணம் சரியாயிடும், ரைம் போயிடும்ங்க. பொண்ணுக்கு சொன்னா கடைசியில ஒரு த் சத்தம் கேக்கும், க்ராந்த்னு, அது "ஆன்"னோட சேராது. அதனால கடைசி ரெண்டு வரியையே தூக்கிட்டு இதை வைங்க:

து ஆ ஸேங்கான் தேஜா,
ப்ராவோ ஆ த்வா!

அதுக்குள்ள அஞ்சு வயசாச்சா, சபாஷ்ங்கற மாதிரி. இது பையனுக்கும் ஓகே, எந்த வயசுக்கும் ஓகே, ஏன்னா ரைம் "தேஜா"ல இருக்கு, நம்பர்ல இல்ல. என்னைக் கேட்டா முதல்ல சொன்னதைவிட இது தான் நல்லாருக்கு.

கேள்வி: நான் கொஞ்சம் பிரெஞ்சு படிச்சிருக்கேன். ஒன்பது "நஃப்", அப்போ ஒன்பது வயசு "நஃபான்" தானே?

பதில்: ஒட்டிச் சொல்லணும்ங்கறது கரெக்ட், ஆனா வயசும் மணியும் சொல்றப்ப அந்த ஃப் சத்தம் வ் ஆயிடும், "நவான்". ஏழுக்கு இந்த வம்பெல்லாம் இல்ல, நேரா "ஸெத்தான்".

கேள்வி: கியூபெக்ல இருக்கற எங்க அக்கா வீட்டுல "போன் ஃபெத்"னு தான் சொல்றாங்க, நீங்க சொல்றது தப்பா இருக்குமோ?

பதில்: ரெண்டும் சரி. கியூபெக்ல அது பிறந்தநாள், பிரான்ஸ்ல அதையே சொன்னா பேருக்குரிய புனிதர் நாளுக்கு வாழ்த்துறதா எடுத்துப்பாங்க. குட்டிப் பாப்பான்னா "போன் ஃபெத், மா ஷ்வெத்"னு ரெண்டே வரியில முடிச்சிடலாம், ஷ்வெத்னா ஆந்தை, செல்லமா கூப்பிடறது. ஆனா அங்க ஃபெத்தை இழுத்துச் சொல்றாங்க, அதனால ரைம் கொஞ்சம் நொண்டும், அக்கா காதுல ஒருதடவை போட்டுப் பாத்துட்டு அனுப்புங்க.

கேள்வி: சூப்பர், நாளைக்கு எங்க மேனேஜருக்கும் இதையே அனுப்பிடறேன்!

பதில்: ஐயோ வேணாம், அதுல இருக்கற "து" நம்ம "நீ" மாதிரி. அவருக்கு வெறும் "போன் அனிவெர்ஸேர்" போதும்.