முதல் ஸ்லைடில் எதைச் சொல்வது, எதை மிச்சம் வைப்பது? நீங்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

வீட்டுக்கடன் பற்றி இன்ஸ்டாகிராமில் பல ஸ்லைடுகள் கொண்ட கேரசல் போடுகிறேன். "வங்கிகள் மறைக்கும் ரகசியம்!" என்று ஆரம்பித்தால் ஸ்வைப் செய்கிறார்கள், ஆனால் யாரும் சேவ் செய்வதில்லை. ஏன்?

வங்கி எதையும் மறைக்கவில்லையே! தவணை அட்டவணையைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ரகசியத்தைத் தேடி வந்தவருக்குக் கணக்குதான் கிடைக்கிறது. கணக்கு நல்லதாகவே இருந்தாலும் ஏமாந்த எரிச்சலில் போய்விடுகிறார்.

உங்கள் ஏழாவது ஸ்லைடைப் பாருங்கள். 30 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 26,000. வட்டி மட்டுமே 32 லட்சத்தைத் தாண்டுகிறது. வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் 17 வருடத்துக்குள் முடிந்து, 6 லட்சத்துக்கு மேல் மிச்சமாகும். படிப்பவரை இழுத்து நிறுத்தும் ஹூக் அங்கேதான் கிடக்கிறது: "வருடத்துக்கு ஒரு தவணை கூடுதல். 20 வருடக் கடன் 17-க்குள் முடியும்."

வட்டி விகிதம் மாறாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. கூடுதல் பணத்துக்குத் தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி வங்கியிடம் சொல்ல வேண்டும் என்பதையும் இரண்டாவது ஸ்லைடிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்வைப் செய்யாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் அந்த ஸ்லைடைத்தான் மறுபடி காட்டும். அதனால் அது தனியாகப் படித்தாலும் புரிய வேண்டும்.

முதலிலேயே பதிலைச் சொல்லிவிட்டால் எவன் ஸ்வைப் செய்வான்? மறைத்து வைப்பதுதானே ஹூக்?

பாதி சரி. முடிவைச் சொல்லிவிட்டு வழியை மிச்சம் வையுங்கள். 17 வருடத்தில் முடியும் என்று தெரிந்தவருக்கு "எப்படிக் கேட்பது, எந்த மாதம் கட்டுவது" என்ற கேள்வி தானாக வரும். "இதைப் பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள்" என்பதில் எது பற்றி என்றே தெரியவில்லை. தகவலை மறைக்கும் இப்படிப்பட்ட தலைப்புகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2016-லேயே அறிவித்தது. நான் கடைசி ஸ்லைடை எழுதி முடித்த பிறகுதான் முதல் ஸ்லைடுக்கு வருவேன்.

நான் சேலை விற்கிறேன் அக்கா, கணக்கெல்லாம் கிடையாது. கடைப் பெயரையும் லோகோவையும் பெரிதாகப் போடுகிறேன். அது ஹூக்தானே?

இல்லைங்க. கடைப் பெயர் அக்கவுண்ட் பெயராக மேலேயே தெரிகிறது. வாங்குபவர் மனதில் இருப்பது "சாயம் போகுமா?" என்பதுதான். போகும் சேலை என்றால் அதையே போடுங்கள்: "இந்தச் சேலை முதல் இரண்டு அலசலில் சாயம் விடும்." விற்பவரே இப்படிச் சொன்னால் ஸ்க்ரோல் செய்யும் கை நின்றுவிடும். அடுத்த ஸ்லைடில் ஈரமான வெள்ளைத் துணியை முந்தானை ஓரத்தில் தேய்த்துக் காட்டுங்கள், அப்புறம் தனியாக அலசும் முறை. விடாத சேலைக்கு இந்த வரியைப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் எனக்கு "ரகசியம்" போட்டுத்தான் ஃபாலோயர் ஏறியது!

ஏறியிருக்கும், மறுக்கவில்லை. அப்படி வந்தவர்கள் அடுத்த பதிவுகளைச் சேவ் செய்கிறார்களா, யாருக்காவது அனுப்புகிறார்களா என்று இன்சைட்ஸில் பாருங்கள். செய்தால் உங்கள் வாசகர்களுக்கு அது பொருந்துகிறது போலும். எனக்கு இன்னும் சந்தேகம்தான்.